எங்கே பார்த்தேன், என்றைக்குப் பார்த்தேன்

திருநெல்வேலியில் ஒரு நர்ஸுக்கு ஒரே வாரத்தில் நான்கு பேர் போன் செய்து, மிளகாய்ப் பொடி பாக்கெட் போடும் இயந்திரம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நான்காவது ஆளிடம் அவர் பொறுமையிழந்துவிட்டார். "நைட் டூட்டி முடிச்சு இப்பதான் படுத்தேன். என் நம்பரை உங்களுக்கு யாரு குடுத்தா?" அந்த நான்காவது ஆள் என் வாடிக்கையாளரின் விற்பனைப் பையன். பட்டியல் கொடுத்தது நான்.

பையன் என்னை அழைத்து அதே கேள்வியைக் கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. ஷீட்டைத் திறந்து பார்த்தேன். கடைப் பெயர், ஊர், எண் எல்லாம் இருந்தன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, ஏதோ ஒரு பழைய வணிக டைரக்டரிப் பக்கத்தில் கிடைத்தது. ஈரோட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தவரின் எண் அது. அவர் அதை எப்போதோ விட்டுவிட்டார். நிறுத்தப்பட்ட செல்போன் எண்ணை 90 நாளாவது சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுப்பது தொலைபேசி நிறுவனங்களின் வழக்கம். டைரக்டரிப் பக்கத்துக்கு அது தெரியாது. அதில் மசாலாக்காரர் இன்னும் அரைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் செய்யும் வேலைக்கு லீட் லிஸ்ட் என்று பெயர். சிறிய கம்பெனிகளுக்கு, அவர்கள் பொருளை வாங்கக்கூடிய வேறு கம்பெனிகள் யார், எங்கே இருக்கிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று தேடிப் பட்டியலிட்டுத் தருவது. கோவையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் காப்பி பேஸ்ட் மாதிரித் தெரியும். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு வரிக்கு இத்தனை ரூபாய் என்று. வரிக்குக் காசு வாங்கினால் வரிகள்தான் பெருகும். அந்த நர்ஸ் அப்படிப் பெருகிய ஒரு வரி.

அதற்கு அடுத்து வந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

கோவையில் கணபதி பக்கம் ஒரு பட்டறை. மாவு, மசாலாப் பொடி போன்றவற்றை எடை போட்டுப் பையில் நிரப்பி ஒட்டும் இயந்திரம் செய்கிறார்கள். ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், திருப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 300 பேர் கொண்ட பட்டியல் கேட்டார் முதலாளி அண்ணன். அவர் எழுதிக் கொடுத்த தாளில் கம்பெனி பெயர், முதலாளி பெயர், செல் நம்பர், வாட்சப் நம்பர் என்று போய், கடைசியில் பிறந்தநாள் என்று இருந்தது. "வாழ்த்து அனுப்பினா ஒரு ஞாபகம் இருக்கும்லம்மிணி?" என்றார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நெட்டைத் திறக்கவில்லை. பஸ் ஏறி ஈரோடு போனேன். பெரிய மளிகைக் கடைகளில் மசாலா அலமாரி முன்னால் நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பின்பக்கத்தைப் படம் எடுத்தேன். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது பொட்டலம் போட்டவரின் பெயரும் முகவரியும், புகார் சொல்லத் தொடர்பு எண்ணும் பாக்கெட்டிலேயே அச்சாக வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் எண்ணும் கட்டாயம். மேலே பாக்கெட் போட்ட தேதி இருக்கிறது. அதாவது போன மாதம் வரை இந்த ஆள் தொழிலில் இருந்திருக்கிறார் என்பதற்கு என் கையில் ஆதாரம். எந்த டைரக்டரியும் இதைத் தராது.

பாக்கெட்டைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'தயாரிப்பாளர்' என்று ஒரு முகவரி, 'விற்பனை செய்பவர்' என்று வேறொரு முகவரி இருக்கும். பெயரும் லோகோவும் விற்பவருடையவை. பொடி அரைத்துப் பையில் போடுவது இன்னொருவர். இயந்திரம் யாருக்கு வேண்டும்? பை போடுகிறவருக்குத்தான். நான்கு வெவ்வேறு பிராண்டு சாம்பார் பொடியைத் திருப்பினால் நான்கிலும் பெருந்துறைப் பக்கத்து ஒரே முகவரி. நெட்டில் தேடியிருந்தால் இது நான்கு வரியாக வந்திருக்கும். அந்த நான்கு பிராண்டுக்காரர்களிடமும் இயந்திரமே இல்லை. அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் ஐந்தாவது ஆள் எந்தத் தேடலிலும் மேலே வரமாட்டார், ஏனென்றால் அவருக்கு விளம்பரம் தேவையில்லை. பட்டறைக்காரருக்கு உண்மையில் வேண்டியவர் அவர்தான்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் படிக்கத் தெரிந்தவருக்குப் பேசும். மொத்தம் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் மிகச் சிறிய அளவில் செய்பவர்களுக்கான பதிவு. அடுத்த இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, எண் வழங்கப்பட்ட ஆண்டு. 12418 என்று ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் 2018-இல் வாங்கிய உரிமம் என்று பொருள். 2-இல் தொடங்கும் ஆளிடம் சில லட்ச ரூபாய் இயந்திரத்தை விற்கப் போவது வீண் அலைச்சல். ஆனாலும் அவர்களைத் தூக்கி எறியவில்லை, தனித் தாளில் வைத்தேன். கையால் இயக்கும் சின்ன சீலர் ஒன்றும் அண்ணன் செய்கிறார்.

ஐந்து மாவட்டங்கள் சுற்றியதில் 214 பாக்கெட் படங்கள். டைரக்டரிகள், வரைபடத் தேடல், தொழிற்சங்கப் பக்கங்கள், கம்பெனிகளின் சொந்த வெப்சைட் என்று நெட்டிலிருந்து கையால் எடுத்தது 410. ஆக 624 வரி. அண்ணனுக்கு அன்றைக்கே போன் போட்டு 'இரண்டு மடங்கு இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஷீட்டில் போட்டதும் முதல் கோளாறு எப்போதும் இதுதான்: 14 இலக்க எண்ணை எக்செல் ஒரு கணக்கு எண் என்று நினைத்துக்கொண்டு `1.24E+13` என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துத் திரும்பத் திறந்தால் பின்னால் இருந்த இலக்கங்கள் போயே போச்சு. தொலைபேசியில் 0424 என்பது 424 ஆகிவிடும். ஆகவே எதையும் ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்திகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்புறம், ஒரே எண்ணை ஒருவர் +91 போட்டும், ஒருவர் நடுவில் கோடு போட்டும், ஒருவர் முன்னால் சைபர் போட்டும் எழுதியிருப்பார். மூன்றும் வேறு வேறு என்றே ஷீட் நினைக்கும். செல்போன் எண்களுக்கு கூகுள் ஷீட்டில் இந்த ஒரு வரி போதும்:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(D2),"\D",""),10)
```

இலக்கம் அல்லாததை எல்லாம் நீக்கி, கடைசிப் பத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு `=COUNTIF(E:E,E2)` போட்டு 1-க்கு மேல் வருவதைப் பார்த்தால் இரட்டைகள் தெரியும். பெயரை வைத்து மட்டும் இரட்டையைத் தேடக் கூடாது. ஸ்ரீ முருகன் ஃப்ளோர் மில் மாதிரி ஒரு பெயர் ஐந்து மாவட்டங்களில் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே பெயர், வேறு ஆட்கள். வேறு பெயர், ஒரே ஆள். இரண்டும் நடக்கும். எண்களையும் முகவரியையும் வைத்துச் சேர்த்ததில் 624 என்பது 431 ஆனது. சொந்தமாகப் பை போடாத விற்பனையாளர்களை எடுத்ததும் 318.

அடுத்து ஜிஎஸ்டி. அரசுத் தளத்தில் லாகின் இல்லாமலே ஒரு ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச் சொல்லும். அதைத் தாண்டிச் செல்லும் கருவிகள் விற்கிறார்கள், நான் வாங்குவதில்லை. ஒருவர் கையால் பார்ப்பதற்காகத் திறந்து வைத்த கதவு அது. ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு பார்க்க முடிந்தது.

ரத்து என்று வந்தால் கடை மூடிவிட்டது என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணுக்குள் பான் எண் இருக்கிறது. தனி உரிமையாளராக நடத்திய அப்பா, பையனைச் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக மாற்றினால் பான் மாறும், அதனால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். பழையது ரத்து என்று காட்டும். மில் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தான ஒவ்வொன்றுக்கும் அதே முகவரியில் புதுப் பதிவு இருக்கிறதா என்று தேடினேன். அப்படியும் 41 போயிற்று. பதிவு இருந்தும், கடந்த ஓராண்டில் பாக்கெட்டோ வேறு அறிகுறியோ எதுவும் கிடைக்காதவை 62. அவற்றையும் எடுத்தேன். மிச்சம் 215.

மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் பாதிப் பேர் ஜிமெயில்தான். சொந்த டொமைன் இருந்தால் `nslookup -type=mx` போட்டு, அங்கே அஞ்சல் வாங்கும் சர்வர் இருக்கிறதா என்று பார்ப்பேன். முகவரி சரியா என்று சோதித்துத் தரும் சேவைகள் உண்டு. ஆனால் சில டொமைன்கள் எந்தப் பெயருக்கு அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். அங்கே சோதனை எப்போதும் 'சரி' என்றே சொல்லும். முதலாளி பெயரை டொமைனுக்கு முன்னால் ஒட்டி ஊகமாக முகவரி உருவாக்குவதை நான் விட்டுவிட்டேன். அவர்களே வெளியிட்ட முகவரி இருந்தால் போடுவேன், இல்லையென்றால் அந்தக் கட்டம் காலி.

இனி 215 வரியும் சரியா என்று எப்படித் தெரியும்? எல்லோருக்கும் போன் செய்ய முடியாது. `=RAND()` போட்டுக் கலைத்து மேலே வந்த 30 பேரை எடுத்தேன். தெரிந்த ஊர், எளிதான எண் என்று நாமாகப் பொறுக்கினால் சோதனை கெட்டுவிடும். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், ஒருவருக்கு ஒரு முறை. "வணக்கமுங்க, கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். பொட்டல இயந்திரம் செய்யற ஒருத்தருக்காக முகவரி சரிபார்க்கறேன். நீங்களே பாக்கெட் போடறீங்களா? அவங்க விவரத்தாள் ஒண்ணு தபால்ல அனுப்பலாமுங்களா?" அவ்வளவுதான். வாடிக்கையாளர் மாதிரி நடித்து விலை கேட்டு விவரம் கறப்பவர்களும் இருக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் பிறகு அதே இடத்துக்கு அண்ணனின் பையன் போய் நின்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

முப்பதில் நான்கு தவறு. இரண்டு எண் மாறியிருந்தது, ஒரு மில் மூடியிருந்தது, ஒருவர் பை போடும் வேலையை வெளியே கொடுத்துவிட்டார். முப்பதில் நான்கு என்றால் சுமார் 13 சதவீதம், சரி, அவ்வளவுதானே என்று முன்பென்றால் விட்டிருப்பேன். இந்த முறை ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் 'எங்கே பார்த்தேன்' என்று ஒரு பத்தி இருந்தது. நான்கில் மூன்று வரிகள் ஒரே டைரக்டரியிலிருந்து மட்டும் வந்தவை. வேறு சாட்சி இல்லை. அந்த டைரக்டரியை மட்டுமே நம்பிய வரிகள் மொத்தம் 58. ஐம்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 21 தேறவில்லை. அந்த 21-ஐயும் மிச்சமிருந்த நான்காவது தவறையும் எடுத்ததும் 193.

மறுபடி வேறு 30 எடுத்துப் போன் செய்தேன். ஒன்று தவறு, ஒரே கட்டடத்தில் மாடி மாறியிருந்தார்கள், திருத்தினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பதைப் பார்த்து ஒன்றுகூடத் தவறு இல்லையென்றாலும், மொத்தப் பட்டியலில் பத்து சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்க இடம் உண்டு. மூன்றை முப்பதால் வகுப்பது என்று புள்ளியியலில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதனால் 'நூறு சதவீதம் சரிபார்த்தது' என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை. எத்தனை பார்த்தேன், எத்தனை தவறு, என்றைக்கு என்று மட்டும் முதல் தாளில் எழுதுவேன்.

இனி அண்ணனின் தாள். முதலாளி பெயர், செல், வாட்சப், பிறந்தநாள்.

பிறந்தநாளுக்கு ஒரு வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டேன். முகநூலில் கிடைக்கும்தான். சொந்தக்காரர்கள் வாழ்த்துவதற்காகப் போட்டது அது. மற்றவை அவ்வளவு எளிதில்லை. கம்பெனி என்பது தனிமனிதர் அல்ல, அதன் முகவரியைப் பட்டியலிடுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் நம் ஊர் மில்களில் பெரும்பாலானவை ஒரே ஆளின் சொந்தத் தொழில். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள், `=MID(B2,6,1)`. `C` என்றால் கம்பெனி, `F` என்றால் கூட்டு நிறுவனம், `P` என்றால் தனிநபர். `P` வந்தால், நடுவில் இருக்கும் பத்து எழுத்தும் அந்த மனிதரின் சொந்த வருமான வரி பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் சட்டப் பெயர் என்று வருவதும் அவர் பெயர்தான். முகவரி சில நேரம் அவர் வீடு. கடையைப் பட்டியலிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பட்டியலிட்டுவிடுகிறோம். என் 193-இல் `P` 131.

அதனால் சரிபார்க்கும்வரை ஜிஎஸ்டி எண் என் ஷீட்டில் இருக்கும். கொடுக்கும் பட்டியலில் 'பதிவு உயிரோடு உள்ளது, இந்தத் தேதியில் பார்த்தது' என்பது மட்டும் போகும். இயந்திரம் விற்பவருக்கு இன்னொருவரின் பான் எண் எதற்கு?

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தாமே வெளியிட்டதும், வேறொரு சட்டம் வெளியிடச் சொன்னதால் வெளியானதும் அந்தச் சட்டத்துக்குள் வராது. பாக்கெட்டில் அச்சான எண் அந்த வகை. ஒரு வாட்சப் குழுவிலிருந்து யாரோ எடுத்து ஏற்றிய எண் அந்த வகை இல்லை. ஷீட்டில் பார்த்தால் இரண்டும் பத்து இலக்கம்தான். 'எங்கே பார்த்தேன்' என்ற பத்தி இல்லாவிட்டால் எது எதுவென்று பிரிக்கவே முடியாது.

வெளிநாட்டு வேலை எடுப்பவர்களுக்கு இந்தத் தளர்வும் கிடையாது. ஐரோப்பாவில், பொதுப் பதிவேட்டிலிருந்து எடுத்தாலும், 'உங்கள் விவரத்தை இன்ன இடத்திலிருந்து எடுத்தோம்' என்று அந்த ஆளுக்கே தெரிவிக்க வேண்டும். ஜிடிபிஆர் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. 2019-இல் போலந்தில் ஒரு தரவு நிறுவனத்துக்கு 9 லட்சம் ஸ்லோட்டிக்கு மேல் அபராதம் போட்டார்கள். அரசுப் பதிவேட்டிலிருந்து தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களின் விவரத்தை லட்சக்கணக்கில் எடுத்துவிட்டு, மின்னஞ்சல் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிவித்தார்கள். மற்றவர்களுக்குத் தபால் செலவு கட்டாது என்று விட்டுவிட்டார்கள். நம் ஊர் `P` போன்ற ஆட்களைப் பற்றிய வழக்குதான் அது.

செல் எண்ணில் இன்னொரு சிக்கல், அண்ணனின் சொந்த நலன் சார்ந்தது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து தெரியாதவர்களை வரிசையாக அழைத்து விற்பது, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் விதிகளுக்குப் புறம்பு. அதற்கென்று பதிவு செய்து 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும். அழைப்பு வந்தவர்கள் 1909 என்ற எண்ணில் புகார் செய்தால், பட்டறையின் இணைப்பே துண்டிக்கப்படலாம். "அந்த நம்பர்தான் இருபது வருஷமா எல்லா கஸ்டமர்கிட்டயும் இருக்குது" என்றார் அண்ணன், கொஞ்சம் பயந்து. பாக்கெட்டிலோ தங்கள் வெப்சைட்டிலோ கம்பெனியே போட்ட எண்ணை மட்டும் கொடுத்தேன், 'புகார் எண்' என்றால் அப்படியே குறித்து. முதல் தொடர்பு தபால் அல்லது நேரில் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஊர் வாரியாக வரிசைப்படுத்திக் கொடுத்ததால், பையன் ஒரு நாளில் ஏழெட்டு மில் பார்க்க முடிந்தது.

"ஏனம்மிணி, முந்நூறு கேட்டா நூத்தித் தொண்ணூத்தி மூணு குடுக்கறே?" என்று கேட்டார்தான். விழுந்த 431 வரிகளையும், ஒவ்வொன்றும் ஏன் விழுந்தது என்ற குறிப்போடு திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, பெருந்துறை முகவரியில் விரல் வைத்து, "இந்த ஆளு நாலு பிராண்டுக்குப் போடறானா?" என்று மட்டும் கேட்டார். பையன் அடுத்த நாளே அங்கே போனான்.

வேலை முடிந்து மூன்று மாதத்தில் படங்களையும் என் ஷீட்டையும் அழித்துவிடுவேன். அண்ணனிடமும் கேட்டுக்கொண்டேன், ஓராண்டுக்கு மேல் அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம் என்று. ஒரு தாளை மட்டும் அழிப்பதில்லை. 'கூப்பிட வேண்டாம்' என்று சொன்னவர்களின் எண்கள் அதில் இருக்கின்றன. அதையும் அழித்தால், அடுத்த தேடலில் அதே டைரக்டரி அதே எண்ணை மறுபடி என் கையில் கொடுக்கும். ஒவ்வொரு புதுப் பட்டியலையும் முதலில் அந்தத் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் வேறு வேலை. பெயர், ஊர் எதுவும் அதில் கிடையாது, எண்ணும் தேதியும் மட்டும். முதல் வரியில் இருப்பது அந்தத் திருநெல்வேலி எண்.